உறைபனி எச்சரிக்கைப் பெட்டிக்கு எந்த இன்வெர்ட்டர் சிப்?

ஊட்டிக்குப் பக்கத்தில் பள்ளமான இடத்தில் ஒரு கேரட் தோட்டம். டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி வரை அங்கே உறைபனி விழும். வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கும் இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடும். சூரியன் ஏறும் முன் ஸ்பிரிங்ளரைத் திறந்து பனியைக் கழுவினால் செடி தப்பிக்கும். அதற்கு ஆளை எழுப்ப ஒரு மணி வேண்டும். வயலில் தரையை ஒட்டி ஒரு வெப்ப உணரி, அங்கிருந்து 60 மீட்டர் கேபிள், வீட்டுத் திண்ணையில் பஸ்ஸர் வைத்த பெட்டி. கரண்ட் போனாலும் வேலை செய்ய வேண்டும் என்பதால் மூன்று ஏஏ அல்கலைன் செல், அதாவது 4.5 வோல்ட். செல் ஒரு பனிக்காலம் முழுக்கத் தாங்க வேண்டும்.

பெட்டியின் வாசலில், கேபிள் வந்து சேரும் இடத்தில், ஒரு லாஜிக் இன்வெர்ட்டர் வேண்டும். வீட்டு யுபிஎஸ் இன்வெர்ட்டர் அல்ல; லோ வோல்டேஜ் வந்தால் ஹை, ஹை வந்தால் லோ தரும் சின்ன சிப். ஊட்டி காந்தலில் டிவி, யுபிஎஸ் பழுது பார்க்கும் நண்பர் டிராயரைத் திறந்து காட்டினார். "அண்ணே, 74LS04 பத்து கிடக்குது. இன்வெர்ட்டர்னா எல்லாம் ஒண்ணுதானே, இதையே போட்டுரலாமே?" என்றார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. பதில் ஒரு வளைகோட்டில் இருக்கிறது. இன்புட் வோல்டேஜை மெல்ல ஏற்றிக்கொண்டே போனால் அவுட்புட் எப்படி இறங்குகிறது என்று வரைந்த கோடு அது. அதைப் புரிந்துகொண்டால் LS, HC, HCT, ஷ்மிட் என்ற சிப் வகைகளில் எதை எடுப்பது என்பது தானாகவே தெளிவாகும்.

கோடு எப்படி வளைகிறது

HC, HCT போன்ற சிப்கள் சீமாஸ் வகை. ஒரு சீமாஸ் இன்வெர்ட்டரில் அடிப்படையில் இரண்டே டிரான்சிஸ்டர். சப்ளையிலிருந்து அவுட்புட் வரை ஒரு பி-மாஸ், அவுட்புட்டிலிருந்து கிரவுண்ட் வரை ஒரு என்-மாஸ். இரண்டின் கேட்டும் ஒன்றாக இன்புட்டில் சேர்ந்திருக்கும். கணக்குக்கு வசதியாக இரண்டும் சம பலம், இரண்டும் திறக்கத் தொடங்கும் வோல்டேஜ், அதாவது த்ரெஷோல்ட், 0.75 வோல்ட், சப்ளை 4.5 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். நிஜ சிப்பில் எண்கள் கொஞ்சம் மாறும். ஆனால் கோட்டின் வடிவம் இதுதான்.

இன்புட் 0.75-க்குக் கீழே இருக்கும் வரை என்-மாஸ் திறக்கவே இல்லை. பி-மாஸ் முழுதாகத் திறந்து அவுட்புட்டை 4.5-இல் பிடித்து வைத்திருக்கிறது. இப்போது இன்புட்டை 1 வோல்ட்டுக்கு ஏற்றுங்கள். என்-மாஸ் லேசாகத் திறக்கிறது, ஆனால் பி-மாஸ் இன்னும் பலமாக இழுத்துக்கொண்டிருப்பதால் அவுட்புட் இறங்குவது வெறும் 11 மில்லிவோல்ட். இன்புட்டில் ஒரு முழு வோல்ட் தவறு நுழைந்தும் அவுட்புட்டுக்கு அது கிட்டத்தட்டத் தெரியவே இல்லை. 1.5 வோல்ட்டில் அவுட்புட் 0.13 வோல்ட் இறங்கியிருக்கும். 1.875 வோல்ட்டில் அவுட்புட் 4.125. இந்தப் புள்ளி முக்கியமானது, ஏனென்றால் இங்கேதான் கோட்டின் சாய்வு சரியாக மைனஸ் 1 ஆகிறது. இதற்கு முன்னால் இன்புட்டில் வரும் சிறு ஆட்டம் அவுட்புட்டில் சுருங்கிப் போகும். இதற்கு அப்பால் அது பெருகும். அதனால் "இதுவரை லோ என்று நம்பலாம்" என்ற எல்லையை இங்கே வைக்கிறார்கள்.

2.25 வோல்ட்டை, அதாவது சப்ளையின் சரிபாதியைத் தொட்டதும், இரண்டு டிரான்சிஸ்டரும் சாச்சுரேஷனில் இருக்கும். அந்த நிலையில் ஒவ்வொன்றும் அவுட்புட் வோல்டேஜைக் கண்டுகொள்ளாமல் தன் கரண்ட்டை மட்டும் இழுக்கும். யார் பலம் ஒரு துளி கூடினாலும் அவுட்புட் அந்தப் பக்கம் ஓடிவிடும். நம் கணக்கில் இன்புட் 2.25-இல் நிற்கும்போதே அவுட்புட் 3.0-இலிருந்து 1.5-க்குச் செங்குத்தாக விழுகிறது. நிஜத்தில் செங்குத்து இல்லை, மிகச் செங்குத்தான சரிவு. அதன் பிறகு மேலே பார்த்தது தலைகீழாக நடக்கும்: 2.625-இல் சாய்வு மறுபடி மைனஸ் 1, 3.75-ஐத் தாண்டினால் பி-மாஸ் மூடிக்கொள்ளும், அவுட்புட் பூஜ்யம்.

சம பலமுள்ள இன்வெர்ட்டருக்கு இந்த இரண்டு எல்லையையும் நேராகக் கணக்கிடலாம். VIL லோ எல்லை, VIH ஹை எல்லை, VDD சப்ளை, VT த்ரெஷோல்ட்:

```
VIL = (3*VDD + 2*VT) / 8 = (13.5 + 1.5) / 8 = 1.875 V
VIH = (5*VDD - 2*VT) / 8 = (22.5 - 1.5) / 8 = 2.625 V
```

முந்தைய சிப் லோ என்று 0 வோல்ட்டைத் தருகிறது, இந்த சிப் 1.875 வரை லோவாக ஏற்கிறது. இடையில் இருக்கும் 1.875 வோல்ட்தான் இரைச்சல் விளிம்பு. ஹை பக்கமும் அதே அளவு. வழியில் கேபிள் எதைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் அந்த அளவுக்குள் இருக்கும் வரை தகவல் கெடாது.

டேட்டாஷீட்டைத் திறந்தால் இவ்வளவு தாராளம் தெரியாது. 74HC04-க்கு 4.5 வோல்ட் சப்ளையில் லோ எல்லை 1.35, ஹை எல்லை 3.15 என்றுதான் போட்டிருப்பார்கள். எந்தத் தொகுதி சிப்பாக இருந்தாலும், எந்த வெப்பநிலையிலும், என்-மாஸும் பி-மாஸும் ஒன்றுக்கொன்று சமமாக அமையாவிட்டாலும் தவறாது என்று உறுதி கொடுக்கும் எண்கள் அவை. பலம் சமமில்லாவிட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். என்-மாஸ் நான்கு மடங்கு பலமாக இருந்தால் மாறும் இடம் 2.25-இலிருந்து 1.75-க்கு நகர்ந்துவிடும். லோ பக்க விளிம்பு குறையும், ஹை பக்க விளிம்பு கூடும். சிலிக்கானில் ஹோல்கள் எலக்ட்ரான்களைவிட மந்தமாக நகர்வதால், பி-மாஸை இரண்டு மூன்று மடங்கு அகலமாகச் செய்தால்தான் இரண்டும் சமமாகும்.

செல் ஏன் தீர்வதில்லை, எப்போது தீர்ந்துவிடும்

இன்புட் 0.75-க்குக் கீழே இருந்தால் என்-மாஸ் மூடியிருக்கிறது. 3.75-க்கு மேலே இருந்தால் பி-மாஸ் மூடியிருக்கிறது. இரண்டும் ஒரே வரிசையில் இருப்பதால் ஒன்று மூடினாலே சப்ளையிலிருந்து கிரவுண்டுக்கு வழி இல்லை. ஒரே வாய்க்காலில் இரண்டு மடை, எப்போதும் ஒன்று அடைத்திருக்கும். அடுத்த சிப்பின் கேட்டும் ஆக்ஸைடால் பிரிக்கப்பட்டிருப்பதால் அவுட்புட்டிலிருந்தும் நிலையாக எதுவும் போகாது. மிச்சம் இருப்பது மூடிய டிரான்சிஸ்டரின் கசிவு மட்டும். 1963-இல் பிராங்க் வான்லாஸ் இந்தச் சுற்றை முன்வைத்தபோது அதன் பெரிய கவர்ச்சியே இதுதான்: சும்மா இருக்கும்போது நானோவாட் அளவு.

74HC04-இல் ஆறு இன்வெர்ட்டரும் சேர்ந்து, 25 டிகிரியில், அதிகபட்சம் 2 மைக்ரோ ஆம்பியர் என்கிறது டேட்டாஷீட். 85 டிகிரிக்கு அது 20 ஆகும். கசிவு வெப்பத்தோடு வேகமாக ஏறும் என்பதால் ஊட்டியின் இரவு நமக்குச் சாதகம். நண்பர் காட்டிய 74LS04-ஓ அவுட்புட் ஹையாக இருந்தால் வழக்கமாக 1.2 மில்லி ஆம்பியர், லோவாக இருந்தால் 3.6. சராசரி 2.4 என்று கொண்டால் 2000 மில்லி ஆம்பியர்-மணி செல் 35 நாளில் தீரும். டிசம்பர் பாதியில் போட்டால் பொங்கல் முடிந்த சில நாளில் பெட்டி செத்துவிடும். HC-யின் 2 மைக்ரோ ஆம்பியரில் கணக்குப் போட்டால் நூறு வருடத்துக்கு மேல் வரும். அதாவது செல்லின் ஆயுளை சிப் தீர்மானிக்காது, செல் தானாகக் கெட்டுப்போகும் காலம்தான் தீர்மானிக்கும்.

ஆனால் இந்த 2 மைக்ரோ ஆம்பியர் நிபந்தனையோடு வருகிறது. "இன்புட் சப்ளையிலோ கிரவுண்டிலோ இருக்கும்போது" என்று டேட்டாஷீட்டின் அதே வரியில் எழுதியிருக்கும். பலரும் அதைப் படிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். நம் தோட்டத்துக்கு அதுதான் உயிர்நாடி.

செலவைக் குறைக்க முதலில் தோன்றும் வழி, குளிரக் குளிரத் தடை ஏறும் தெர்மிஸ்டரை உணரியாக வைத்து நேராக இன்வெர்ட்டரில் கோர்ப்பது. 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும், பீட்டா மதிப்பு 3950 கொண்ட சாதாரண தெர்மிஸ்டர் 2 டிகிரியில் ஏறக்குறைய 30 கிலோ ஓம் ஆகும். (மணி பூஜ்யத்தில் அல்ல, 2 டிகிரியிலேயே அடிப்பது நல்லது. ஸ்பிரிங்ளரைத் திறக்க நேரம் வேண்டுமே.) மேலே 30 கிலோ ஓம் ரெசிஸ்டர், கீழே தெர்மிஸ்டர். 2 டிகிரிக்கு நடுவில் 2.25 வோல்ட். காகிதத்தில் அழகாக இருக்கிறது.

இப்போது கோட்டில் வைத்துப் பாருங்கள். பகலில் 25 டிகிரி என்றால் இன்புட் 1.125 வோல்ட். 15 டிகிரியில் 1.55. 5 டிகிரியில் 2.09. எல்லாமே 0.75-க்கும் 3.75-க்கும் இடையில்! அதாவது இந்த இன்வெர்ட்டரில் எந்த மடையும் எந்த நேரத்திலும் முழுதாக அடைபடாது. டிரான்சிஸ்டரின் பலம் ஒரு வோல்ட் வர்க்கத்துக்கு 1 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், 15 டிகிரியில் 0.3 மில்லி ஆம்பியர், 5 டிகிரியில் 0.9, 2 டிகிரியில் 1.1 மில்லி ஆம்பியர் சப்ளையிலிருந்து கிரவுண்டுக்கு நேராக ஓடும். 2 மைக்ரோ ஆம்பியர் என்று நம்பி வாங்கிய சிப், பனி விழும் இரவில் அதைவிட ஐந்நூறு மடங்கு சாப்பிடும்.

மின்செலவைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மணி எந்த டிகிரியில் அடிக்கும் என்பதற்கே உத்தரவாதம் இல்லை என்பதுதான் பெரிய குறை. டேட்டாஷீட் சொல்வது, மாறும் இடம் 1.35-க்கும் 3.15-க்கும் நடுவில் எங்கோ இருக்கும் என்று மட்டும்தான். இந்த தெர்மிஸ்டரில் 1.35 வோல்ட் என்பது ஏறக்குறைய 19 டிகிரி, 3.15 என்பது மைனஸ் 13. நடைமுறையில் பாதிக்குப் பக்கத்தில்தான் இருக்கும். ஆனால் ஒரு சிப்பைக் கழற்றி இன்னொன்றை மாட்டினால் சில டிகிரி நகர்ந்துவிடும். போதாததற்கு வெப்பநிலை மணிக்கு ஓரிரு டிகிரியாக மெல்ல இறங்குவதால், அவுட்புட் சரிவான பகுதியில் நிறைய நேரம் நின்று நடுங்கும். பஸ்ஸர் விட்டு விட்டுக் கிறீச்சிடும்.

ஆகவே முதல் முடிவு: வெப்பநிலையைத் தீர்மானிக்கும் வேலையை இன்வெர்ட்டரிடம் கொடுக்கக் கூடாது. வயலிலேயே ஒரு மைக்ரோபவர் கம்பேரேட்டர், அதாவது இரண்டு வோல்டேஜில் எது பெரிது என்று ஒப்பிட்டுச் சொல்லும் சிப், வைக்கலாம். அதில் ஓரிரு மைக்ரோ ஆம்பியர் வகை எளிதாகக் கிடைக்கிறது. தெர்மிஸ்டரை 100 கிலோ ஓம் வகையாக மாற்றி, மேல் ரெசிஸ்டரை 300 கிலோ ஓம் ஆக்கினால் அந்தக் கிளையின் செலவு பத்தில் ஒன்று. ஒப்பிட வேண்டிய பாதி வோல்டேஜையும் அதே செல்லிலிருந்து எடுப்பதால், செல் இறங்கினாலும் 2 டிகிரி 2 டிகிரியாகவே இருக்கும். அவுட்புட்டிலிருந்து பெரிய ரெசிஸ்டர் வழியாகக் கொஞ்சம் திருப்பி ஊட்டி, அரை டிகிரி இடைவெளி வைத்துவிட்டால் நடுக்கம் கிடையாது. கேபிளில் ஏறுவது முழு லோ அல்லது முழு ஹை.

கேபிளின் மறுமுனையில் யார்

இனி கேள்வி சுருங்குகிறது. 60 மீட்டர் கடந்து வரும் லோவையும் ஹையையும் யார் நன்றாக வாங்கிக்கொள்வார்கள்?

74LS04-ஐ இங்கே முழுதாக விட்டுவிடலாம். அதற்குக் குறைந்தது 4.75 வோல்ட் வேண்டும், நம்மிடம் பெயரளவிலேயே 4.5தான். CD4069UB-யும் வேண்டாம். அதில் ஒவ்வொரு இன்வெர்ட்டரும் ஒரே கட்டம். 74HC04-க்குள் மூன்று கட்டம் அடுத்தடுத்து இருப்பதால் கோடு மிகச் செங்குத்தாக விழும், 4069UB-யில் அது சாய்ந்து விழும். 5 வோல்ட்டில் 1 வோல்ட்டுக்குக் கீழே, 4-க்கு மேலே என்றுதான் அது உறுதி தருகிறது. ஆசிலேட்டர் செய்ய அது நல்ல சிப், இந்த வேலைக்கு அல்ல.

74HCT04 யோசிக்க வைக்கும். உள்ளே சீமாஸ்தான், ஆனால் LS போன்ற பழைய டிடிஎல் சிப்களோடு பேசுவதற்காக மாறும் இடத்தைக் கீழே இறக்கியிருக்கிறார்கள். லோ 0.8 வரை, ஹை 2.0-இலிருந்து. கம்பேரேட்டர் 0.1 வோல்ட் லோ, 4.4 வோல்ட் ஹை தருவதாகக் கொண்டால், லோ பக்கம் விளிம்பு 0.7, ஹை பக்கம் 2.4. கோணலான பங்கீடு. நம் பெட்டியில் கேபிள் பெரும்பாலும் லோவில்தான் கிடக்கப் போகிறது. பனி வந்தால் மட்டும் ஹை. காரணம், பெட்டிக்குள் லைனைச் சப்ளை பக்கம் இழுக்கும் 100 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் வைத்துவிட்டால், எலியோ பன்றியோ கேபிளை அறுத்தாலும் லைன் தானாக ஹைக்குப் போய் மணி அடிக்கும். அறுந்த கேபிள் பேசாமல் கிடப்பதைவிட இது எவ்வளவோ மேல். அப்படி லோவில் கிடக்கும் லைனுக்கு 0.7 வோல்ட் விளிம்பு போதாது. பக்கத்துத் தோட்டத்தில் பம்ப் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது ஒரு துள்ளல் வந்தால் பொய் மணி. தவிர HCT-க்கும் 4.5-க்குக் கீழே உத்தரவாதம் இல்லை.

74HC04 எனில் லோ பக்கம் 1.35 கழித்தல் 0.1, அதாவது 1.25 வோல்ட். ஹை பக்கமும் 4.4 கழித்தல் 3.15, அதே 1.25. சமப் பங்கு. சப்ளை 2 வோல்ட் வரை இறங்கினாலும் ஓடும். எல்லைகள் சப்ளையின் ஏறக்குறைய 30, 70 சதவீதமாகவே நகர்வதால், செல் 3 வோல்ட்டுக்கு வந்த பிறகும் 0.8 வோல்ட் விளிம்பு கையில் இருக்கும். லோ பக்கத்தில் HCT புதுச் செல்லில் தருவதைவிட HC செத்த செல்லில் தருவது அதிகம்.

இத்துடன் HC04-ஐ எடுத்து முடித்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் 60 மீட்டர் கேபிளில் வரும் துள்ளல் 1.25-ஐத் தாண்டாது என்று யாராலும் சொல்ல முடியாது. துள்ளல்கள் பெரும்பாலும் மைக்ரோ நொடிக் கணக்கில் முடிந்துவிடும் என்பதால், இன்புட்டில் 10 கிலோ ஓம், 100 நானோஃபாரட் வைத்து ஒரு மில்லிநொடி வடிகட்டி போட்டுவிட்டால் பெரும்பாலானவை கரைந்துவிடும். பனி ஒரு மில்லிநொடி தாமதமாகத் தெரிந்தால் குறையில்லை. அந்த 10 கிலோ ஓம் சிப்பின் பாதுகாப்பு டயோடுகளுக்குள் பாயும் கரண்ட்டையும் கட்டுப்படுத்தும். (மின்னலுக்கு அது போதாது. கேபிள் நுழையும் இடத்தில், திடீர் உயர் வோல்டேஜை விழுங்கும் டிவிஎஸ் டயோடு தனியாக வேண்டும்.)

வடிகட்டி போட்டவுடனே HC04 தகுதி இழக்கிறது. 4.5 வோல்ட்டில் அதன் இன்புட் ஏறவோ இறங்கவோ 500 நானோநொடிக்கு மேல் எடுக்கக் கூடாது என்று டேட்டாஷீட் கேட்கிறது. நாம் கொடுப்பது அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு மெதுவான ஏற்றம். செங்குத்தான பகுதியை இன்புட் நிதானமாகக் கடக்கும்போது, அவுட்புட் மாறும் கணத்தில் கிரவுண்ட் கம்பியில் எழும் சிறு அதிர்வே இன்புட்டை மறுபடி பின்னுக்குத் தள்ளும். அவுட்புட் பலமுறை மேலும் கீழும் குதிக்கும். ஆசிலோஸ்கோப்பில் பார்த்தால் ஒரே விளிம்பு இருக்க வேண்டிய இடத்தில் சீப்புப் பல் மாதிரி தெரியும்.

74HC14 ஷ்மிட் வகை இதற்காகவே செய்யப்பட்டது. அதன் வளைகோடு ஒன்றல்ல, இரண்டு. ஏறும்போது வழக்கமாக 2.5 வோல்ட் அருகில் மாறும், இறங்கும்போது 1.6 அருகில். நடுவில் 0.9 வோல்ட் இடைவெளி. ஒருமுறை மாறிய பின் பழைய நிலைக்குத் திரும்ப அவ்வளவு தூரம் பின்வாங்க வேண்டும் என்பதால் சிறு அதிர்வுகள் ஒன்றும் செய்யாது. இன்புட் எவ்வளவு மெதுவாக வந்தாலும் பிரச்சினை இல்லை. ஏறும் எல்லை குறைந்தபட்சம் 1.55 என்று உறுதி தருவதால், லோவில் கிடக்கும் நம் லைனுக்கு HC04-ஐவிடச் சற்று அதிக விளிம்பே கிடைக்கிறது. சும்மா இருக்கும் கரண்ட் அதே 2 மைக்ரோ ஆம்பியர். என் தேர்வு இதுதான், சந்தேகமே இல்லாமல்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஷ்மிட் நடுக்கத்தைத்தான் நிறுத்தும், நடு வோல்டேஜில் ஓடும் கரண்ட்டை நிறுத்தாது. "தெர்மிஸ்டரை நேராக HC14-இல் கோர்த்தால் போதாதா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் அதுதான். இன்புட் நடுவில் நின்றால் HC14-உம் செல்லைக் குடிக்கும். நம் வடிகட்டியில் அந்த நடுப்பகுதி ஒரு மில்லிநொடியில் கடந்துபோவதால் செலவு கணக்கிலேயே வராது.

பொருத்தும்போது

HC14-இல் ஆறு இன்வெர்ட்டர், நமக்கு வேண்டியது ஒன்று. மிச்ச ஐந்து இன்புட்டையும் கிரவுண்டில் இணைத்தே ஆக வேண்டும். LS சிப்பில் இன்புட்டைத் தொங்க விட்டால் அது தானாக ஹை ஆகிவிடும். அந்தப் பழக்கத்தில் சீமாஸை அப்படியே விட்டால் கேட் எங்கோ நடுவில் மிதக்கும், இரண்டு டிரான்சிஸ்டரும் திறந்திருக்கும், ஒவ்வொரு இன்புட்டுக்கும் மில்லி ஆம்பியர் கணக்கில் போகும். கண்டுபிடிப்பது சுலபம். செல்லோடு தொடரில் மல்டிமீட்டரை வைத்து, சிப் மேல் விரலைக் கொண்டுபோங்கள். எண் குதித்தால் ஏதோ ஒரு இன்புட் மிதக்கிறது.

புல்-அப்பை 100 கிலோ ஓமுக்கு மேல் ஏற்றத் தோன்றும், ஏனென்றால் லைன் லோவில் இருக்கும்போது அது 45 மைக்ரோ ஆம்பியர் எடுத்துக்கொண்டே இருக்கிறது. 90 நாளுக்கு ஏறக்குறைய 97 மில்லி ஆம்பியர்-மணி. சிப் எடுப்பதைவிட இது இருபது மடங்குக்கு மேல், பெட்டியிலேயே பெரிய செலவு இதுதான். இருந்தும் 1 மெகா ஓம் வைக்க மாட்டேன். நீலகிரியில் மூடுபனி பெட்டிக்குள் புகுந்து போர்டின் மேல் ஈரப்படலமாகப் படியும். அந்தப் படலம் சில லட்சம் ஓம் கசிவை உண்டாக்கினால் 1 மெகா ஓம் தோற்று, அறுந்த லைனும் நடு வோல்டேஜில் வந்து நிற்கும். போர்டைத் துடைத்து, காய வைத்து, இன்சுலேஷன் வார்னிஷ் அடித்தால் இன்னும் நல்லது.

எல்லாம் பொருத்திய பின் பகலில் மொத்தக் கரண்ட்டை அளந்தால் 60, 70 மைக்ரோ ஆம்பியர் அளவில் இருக்க வேண்டும்: புல்-அப் 45, தெர்மிஸ்டர் கிளை, பாதி வோல்டேஜ் தரும் கிளை இரண்டுக்கும் சேர்த்து இருபதுக்குள், மீதி இரண்டு சிப்புக்கும். மில்லி ஆம்பியர் காட்டினால் மிதக்கும் இன்புட்டைத் தேடுங்கள். 9 வோல்ட் செல்லில்தான் ஓட்டுவேன் என்பவர்களுக்கு HC14 ஆகாது, அதன் எல்லை 6 வோல்ட். அவர்கள் CD40106B எடுத்துக்கொள்ளலாம். கால்கள் அதே வரிசை, 3 முதல் 18 வோல்ட் வரை ஓடும்.